கிம்பல் இருந்தும் வீடியோ ஆடுகிறதா? எந்த ஆட்டத்துக்கு எந்த வைத்தியம்

பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் பெண்ணை அழைத்து வரும்போது, அவளுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே என் உதவியாளர் தம்பி 22 நொடி எடுத்திருந்தான். மறுநாள் தர்மபுரியில் என் கடைக்கு வந்து கார்டைப் போட்டுக் காட்டினான். "கிம்பல்லதான் எடுத்தேன் அண்ணா, அப்பவும் ஆடுது. சாஃப்ட்வேர்ல போட்டா தூணெல்லாம் ஜெல்லி மாதிரி நெளியுது. கிம்பல் போயிடுச்சா?"

கிம்பல் போகவில்லை. மோட்டார்களால் கேமராவை நேராக நிறுத்தும் அந்தக் கைப்பிடி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. அந்தக் கிளிப்பில் இருந்த ஆட்டம் அதன் கையில் இல்லாத ஆட்டம், அவ்வளவுதான். கல்யாண வேலையில் இருப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் காசை விடுகிறார்கள். 'ஆடுகிறது' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே இருப்பது இரண்டு மூன்று வேறு வேறு வியாதிகள். அதனால் மருந்தைத் தொடுவதற்கு முன் நாடி பார்த்துவிடுவோம்.

முதலில் ஒரு நிமிடச் சோதனை

கிளிப்பைக் கணினியில் திறந்து, ஆட்டம் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். படத்தில் இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று பக்கத்தில் இருப்பது, இன்னொன்று தூரத்தில் இருப்பது. இரண்டுமே தானாக நகராதவையாக இருக்க வேண்டும். பெண்ணின் நெற்றிச்சுட்டியைப் பிடித்துக்கொண்டு அளந்தால் ஏமாந்து போவீர்கள், அவளும் நடக்கிறாள் அல்லவா? எங்கள் கிளிப்பில் வாசலில் கட்டியிருந்த வாழை மரம் பக்கத்துப் பொருள், மேடைத் தூணில் இருந்த விளக்கு தூரத்துப் பொருள்.

இப்போது அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒரே அளவு ஆடினால், கேமரா சாய்கிறது அல்லது திரும்புகிறது என்று அர்த்தம். பக்கத்துப் பொருள் நிறைய ஆடி, தூரத்துப் பொருள் கிட்டத்தட்ட அசையாமல் இருந்தால், கேமரா இடம்விட்டு இடம் நகர்கிறது, அதாவது மேலும் கீழும் தூக்கிப் போடுகிறது. இரண்டும் ஆடாமல், படம் மட்டும் நொடிக்கு இரண்டு முறை மங்கி மங்கித் தெளிந்தால் அது மூன்றாவது வியாதி.

இது ஏன் இப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டால் புரிந்துவிடும். செல்போனின் முதன்மை லென்ஸில் 4கே எடுக்கும்போது, மேலிருந்து கீழாகச் சுமார் 42 டிகிரி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 42 டிகிரிக்கு 2160 பிக்சல். ஒரு டிகிரிக்குச் சுமார் 50. கேமரா ஒரு டிகிரி சாய்ந்தால், பொருள் 2 மீட்டரில் இருந்தாலும் 20 மீட்டரில் இருந்தாலும் அதே 50 பிக்சல் நகரும். ஆனால் நடக்கும்போது கேமரா 4 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால், 2 மீட்டரில் இருக்கும் வாழை மரம் 58 பிக்சல் குதிக்கும், 20 மீட்டரில் இருக்கும் விளக்கு 6 பிக்சல்தான் அசையும். கிம்பலின் மூன்று மோட்டார்களும் திருப்பத்தையும் சாய்வையும்தான் தடுக்கும். ஏறி இறங்குவதைத் தடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

அறிகுறி: கிம்பல் இருந்தும் பக்கத்தில் இருப்பது மட்டும் மேலும் கீழும் குதிக்கிறது

தம்பியின் கிளிப் இதுதான். வாழை மரம் ஐம்பது அறுபது பிக்சல் போய் வந்தது, தூண் விளக்கு சும்மா நின்றது. குற்றவாளி நடை.

இதற்குச் சாஃப்ட்வேர் ஏன் தோற்றது என்பதைக் கவனியுங்கள். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில், ஆட்டத்தைக் குறைக்கும் Warp Stabilizer போட்டால், முதலில் அது Subspace Warp என்ற முறையைத்தான் எடுத்துக்கொள்ளும். படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக இழுத்து நிலைப்படுத்தும் முறை அது. பக்கத்தில் இருப்பது 58 பிக்சல் போகிறது, பின்னால் இருப்பது 6 பிக்சல் போகிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் நிற்க வைக்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் இடத்தை ரப்பர் மாதிரி இழுத்தே ஆக வேண்டும். தூண் நெளிவது அதனால்தான். ஆட்டத்தை எவ்வளவு அடக்க வேண்டும் என்று சொல்லும் Smoothness எண்ணை இதற்குக் கூட்டினால் நெளிவும் கூடும். பலர் செய்வது அதைத்தான்.

நாங்கள் செய்தது வேறு. Method என்ற இடத்தில் Subspace Warp-ஐ மாற்றி Position வைத்தோம். Smoothness 50 என்று இருந்ததை 15-க்குக் குறைத்தோம். நெளிவு போய்விட்டது, ஏனென்றால் இப்போது அது படத்தை முழுசாக மேலும் கீழும் பக்கவாட்டிலும் மட்டுமே நகர்த்துகிறது, எதையும் வளைப்பதில்லை. குதிப்பு முழுவதும் போகவில்லை, பாதியானது. ஆனால் பாதிக் குதிப்பு 'நடந்து எடுத்தது' என்று கண்ணுக்கு இயல்பாகத் தெரிகிறது. நெளியும் தூணைப் பார்த்தால் யாருக்குமே என்னவோ போல் இருக்கும். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் எப்போதும் குதிப்பையே எடுத்துக்கொள்வேன்.

22 நொடியில் 7 நொடியை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு மேடையில் ஸ்டாண்டில் நின்ற இன்னொரு கேமராவின் காட்சிக்கு வெட்டிவிட்டோம். வாடிக்கையாளர் எதுவும் கேட்கவில்லை.

சரி, அடுத்த முறைக்கு? தம்பிக்குச் சொன்னது இதுதான்: முழங்காலை லேசாக மடக்கி நட. முழங்காலை நீட்டி நடந்தால் ஒவ்வொரு எட்டிலும் இடுப்பு ஏறி இறங்கும், கேமராவும் கூடவே ஏறி இறங்கும். முன்னோக்கிப் போகும்போது குதிகாலை முதலில் வைத்துப் பாதத்தை உருட்டு. பின்னோக்கிப் போகும்போது விரல் பக்கம் முதலில், குதிகால் கடைசியில். கிம்பலை மார்போடு ஒட்டிப் பிடிக்காதே, முழங்கைகளை மடக்கி உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடி. கை ஸ்பிரிங் மாதிரி மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். தலையில் குடத்தோடு வரப்பில் நடக்கும் பெண்களைப் பார்த்திருப்பாய். இடுப்புக்குக் கீழே எல்லாம் அசையும், குடம் மட்டும் நேர்கோட்டில் போகும். அந்த நடைதான். பின்னோக்கி நடக்கும்போது இடுப்பைப் பிடித்து வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும். தவில்காரர் காலில் போய் விழுந்தால் எந்தக் கிம்பலும் காப்பாற்றாது.

தள்ளி நின்று எடுத்தால் குதிப்பு குறையுமே என்று தம்பி கேட்டான். குறையும், 2 மீட்டருக்குப் பதில் 4 மீட்டரில் நின்றால் பாதியாகும். ஆனால் பெண்ணும் பாதி அளவில்தான் தெரிவாள். ஜூம் போட்டு அவளைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் குதிப்பும் பழைய அளவுக்கு வந்துவிடும். லாபம் ஒன்றுமில்லை.

இன்னொரு வழி, நொடிக்கு 50 ஃப்ரேம் எடுத்து 25-ல் ஓட விடுவது. நடையில் நொடிக்குச் சுமார் இரண்டு எட்டு, அது ஒன்றாகக் குறைந்து மிதப்பது போல ஆகிவிடும். இதற்கான விலை என்னவென்றால், ஷட்டர் 1/50-லிருந்து 1/100-க்குப் போகிறது, வெளிச்சம் பாதியாகிறது, ஐஎஸ்ஓ இரட்டிப்பாகிறது, மண்டபத்து மூலைகளில் இரைச்சல் புள்ளிகள் வருகின்றன. நாதஸ்வரச் சத்தத்தையும் அந்த இடத்தில் பயன்படுத்த முடியாது, தனியாக எடுத்துத்தான் போட வேண்டும்.

அறிகுறி: எல்லாமே ஒரே அளவில் நடுங்குகிறது, குறிப்பாக ஜூம் போட்டால்

ஒகேனக்கலில் தள்ளி நின்று, அருவியை ஐந்து மடங்கு ஜூமில் எடுத்தால் வரும் நடுக்கம் இது. கை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் அசைந்திருக்கும். ஜூம் இல்லாமல் அது 5 பிக்சல், கண்ணுக்கே தெரியாது. ஐந்து மடங்கில் 25 பிக்சல். அதனால் முதல் வைத்தியம், முடிந்தால் ஜூமை விட்டுவிட்டுக் கிட்டே போவது. அருவியில் அது எப்போதும் முடியாது என்பது வேறு விஷயம்.

அடுத்தது பிடி. இதற்குக் காசும் கிடையாது, படத் தரத்திலும் ஒரு பிக்சல்கூடக் குறையாது. இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். இடது கை லென்ஸுக்கு அடியில் தாங்க வேண்டும், பக்கவாட்டில் பிடித்தால் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். கழுத்து வாரைச் சுருக்கி, கேமராவை முன்னால் தள்ளி, வார் விறைப்பாகும் வரை கொண்டுபோங்கள். இப்போது இரண்டு கையும் கழுத்தும் சேர்ந்து மூன்று புள்ளியில் பிடிக்கின்றன. மூச்சைப் பாதி விட்டுவிட்டு நிறுத்தி, ஐந்தாறு நொடி எடுங்கள். அதற்கு மேல் மூச்சைப் பிடித்தால் இதயத் துடிப்பே படத்தில் தெரிய ஆரம்பிக்கும். கேமராவைத் திருப்ப வேண்டுமானால் கையால் திருப்பாமல் இடுப்போடு திரும்புங்கள். திருப்பம் முடியும் திசையில் பாதங்களை முதலிலேயே வைத்துக்கொண்டு, உடம்பை முறுக்கி ஆரம்பித்து, முறுக்கு அவிழும் பக்கம் முடிக்க வேண்டும்.

ஸ்டாண்டு கொண்டுபோக முடியாத இடத்துக்கு என் பையில் ஒரு கயிறு இருக்கும். கேமராவின் அடியில் ஸ்டாண்டு மாட்டும் துளையில் கால் அங்குல போல்ட் ஒன்று, அதில் கட்டிய நைலான் கயிறு. மறு நுனியைச் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால், மேல் கீழ் நடுக்கம் பெருமளவு அடங்கிவிடும். போல்ட்டை நான்கைந்து மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே முறுக்காதீர்கள். நீள போல்ட்டை இறுக்கித் துளையின் அடிப்பகுதியை உடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒகேனக்கலில் தொங்கு பாலத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் இதெல்லாம் தலைகீழ். கம்பியிலோ கைப்பிடியிலோ சாய்ந்து நிற்கத்தான் தோன்றும். ஆனால் அங்கே ஆடுவதே பாலம்தான், ஜனம் நடக்க நடக்க அந்த அதிர்வு நேராகக் கேமராவுக்கு வரும். எதையும் தொடாமல், முழங்காலை இளக்கி, நடுவில் நில்லுங்கள். ஆள் நடமாட்டம் குறையும் நேரத்துக்குக் காத்திருங்கள்.

மிச்சம் இருக்கும் சின்ன நடுக்கத்துக்குச் சாஃப்ட்வேர் நன்றாகவே வேலை செய்யும். பணம் கொடுத்து வாங்க வேண்டியதில்லை, கட்டளை வரியில் ஓடும் ffmpeg என்ற இலவச மென்பொருள், libvidstab என்ற நிலைப்படுத்தும் பகுதி சேர்த்ததாக இருந்தால் போதும். முதல் வரி ஆட்டத்தை அளந்து ஒரு கோப்பில் எழுதும், இரண்டாவது வரி அதைப் பார்த்துத் திருத்தும்:

```
ffmpeg -i in.mp4 -vf vidstabdetect=shakiness=4:result=t.trf -f null -
ffmpeg -i in.mp4 -vf vidstabtransform=input=t.trf:smoothing=15 -crf 18 -c:a copy out.mp4
```

இதில் smoothing என்ற எண்ணைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 15 என்று கொடுத்தால் முன்னால் 15 ஃப்ரேம், பின்னால் 15, நடுவில் ஒன்று, ஆக 31 ஃப்ரேம்களின் ஆட்டத்தைச் சராசரி ஆக்கும். 25 ஃப்ரேம் வீடியோவில் அது ஒன்றேகால் நொடி. கை நடுக்கத்துக்கு இது தாராளம். நொடிக்கு 50 ஃப்ரேம் எடுத்திருந்தால் அதே விளைவுக்கு 30 கொடுக்க வேண்டும். இந்த எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால், நீங்கள் வேண்டுமென்றே கேமராவைத் திருப்பிய இடங்களையும் அது ஆட்டம் என்று நினைத்து இழுத்துப் பிடிக்கும். ஓரங்களை மறைக்க ஜூமும் கூடும்.

அந்த ஜூம்தான் சாஃப்ட்வேர் வாங்கும் கூலி. படத்தை நகர்த்தும்போது ஓரத்தில் கறுப்பு தெரியும், அதை மறைக்கப் பெரிதாக்கியே ஆக வேண்டும். Warp Stabilizer-இல் Auto-scale என்ற இடத்தில் அந்த எண் சதவீதத்தில் தெரியும், அதைப் பார்க்காமல் ஏற்றுமதி செய்யாதீர்கள். 120 சதவீதம் என்றால், 4கே படத்தில் மிஞ்சுவது 3200-க்கு 1800. கடைசியில் 1080-ல்தான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இழப்பே இல்லை. அதுவே முதலிலேயே 1080-ல் எடுத்திருந்தால் மிஞ்சுவது 1600-க்கு 900, பிக்சல்களில் முப்பது சதவீதம் காலி. பட்டுப்புடவைச் சரிகையில் அந்த மழுக்கம் நன்றாகத் தெரியும். சாஃப்ட்வேரை நம்பி எடுப்பதாக இருந்தால் 4கே-யில் எடுத்து, தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் இடம் விட்டே எடுங்கள்.

அருவியில் இன்னொரு சங்கடம் வரும். சாஃப்ட்வேர் படத்தில் நகரும் புள்ளிகளைப் பார்த்துத்தான் கேமரா ஆட்டத்தை ஊகிக்கிறது. ஃப்ரேமில் முக்கால்வாசி விழும் தண்ணீர் என்றால், கேமராதான் நகர்கிறது என்று அது நினைத்துவிடும். ஸ்டாண்டில் வைத்து எடுத்த கிளிப்பையும் இதில் போட்டால், பாறை மெல்ல மெல்ல மிதக்க ஆரம்பிக்கும். பாறை மிதந்தால் காரணம் தண்ணீர்தான். எடுக்கும்போதே பாறை ஃப்ரேமில் பாதியாவது வருகிற மாதிரி வைத்தால் இது வராது. எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் Show Track Points போட்டுத் தண்ணீர் மேல் உள்ள புள்ளிகளை அழிக்கலாம். கேமரா கைரோ பதிவை வீடியோவோடு சேமிக்கும் வகை என்றால் கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருள் இன்னும் நல்லது. அது ஆட்டத்தைப் படத்தைப் பார்த்து ஊகிப்பதில்லை, கேமரா எப்படித் திரும்பியது என்ற பதிவிலிருந்து எடுக்கிறது, அதனால் தண்ணீர் அதை எளிதில் ஏமாற்ற முடியாது. எடுக்கும்போது கேமராவின் சொந்த ஸ்டெபிலைசேஷனை அணைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அறிகுறி: நிலைப்படுத்திய பின் படம் நிற்கிறது, ஆனால் விட்டு விட்டு மங்குகிறது

சாஃப்ட்வேரை முதன்முதலாகப் போட்டுப் பார்ப்பவர்கள் ஃபோகஸ் போய்விட்டது என்று நினைப்பது இதைத்தான். ஃபோகஸ் எங்கும் போகவில்லை. ஷட்டர் திறந்திருந்த 1/50 நொடிக்குள் கேமரா 20 பிக்சல் நகர்ந்திருந்தால், அந்த ஃப்ரேமில் விளக்கு ஒவ்வொன்றும் 20 பிக்சல் கோடாகப் பதிந்திருக்கும். ஆடும்போது அது கண்ணில் படாது, ஏனென்றால் படமே நகர்கிறது. சாஃப்ட்வேர் நகர்வை எடுத்துவிடுகிறது, கோடு அப்படியே இருக்கிறது. நிற்கும் படத்தில் திடீரென்று ஒரு மங்கல், அடுத்த ஃப்ரேம் தெளிவு. கால் தரையில் பட்ட நேரத்தோடு அது சரியாகப் பொருந்தும், அதை வைத்தே உறுதி செய்துகொள்ளலாம்.

எடுத்த பிறகு இதற்கு உருப்படியான வைத்தியம் இல்லை. Smoothness-ஐக் குறைத்துக் கொஞ்சம் ஆட்டத்தை விட்டுவைத்தால் மங்கல் அவ்வளவு உறுத்தாது. முன்கூட்டியே தெரிந்தால் ஷட்டரை 1/100 வையுங்கள், கோடு பாதியாகிவிடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 1/50-ம் 1/100-ம் மண்டப விளக்கில் பெரும்பாலும் பட்டை அடிக்காது. 1/200-க்குப் போனால் மங்கல் இன்னும் குறையும், ஆனால் விளக்கைப் பொறுத்துத் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர ஆரம்பிக்கலாம். அந்த வேகத்தைப் பகல் வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையும் காலும் அப்போது கொஞ்சம் வெட்டி வெட்டி அசைவது போல் தெரியும், அது இந்த வழிக்கான விலை.

அறிகுறி: கிம்பலில் வைத்ததும் வண்டு ரீங்காரம் போல மெல்லிய அதிர்வு

கைப்பிடியில் காதை வைத்தால் சத்தம் கேட்கும், படத்தில் ஓரங்கள் பொடிப்பொடியாக நடுங்கும். பெரும்பாலும் எடைச் சமநிலை தவறியதுதான் காரணம். கிம்பலை அணைத்துவிட்டு மறுபடி சமன் செய்யுங்கள். பேட்டரி, கார்டு, லென்ஸ் எல்லாம் மாட்டிய பிறகு, லென்ஸ் மூடியைக் கழற்றிய பிறகு செய்ய வேண்டும். அந்த மூடியின் எடைக்கே சமநிலை மாறும். முதலில் மேல் கீழ் அச்சு, அடுத்து பக்கச் சாய்வு, கடைசியில் திருப்பம். எந்தக் கோணத்தில் விட்டாலும் கேமரா அங்கேயே நின்றால் சரி. ஜூம் செய்தால் நீளும் லென்ஸ் என்றால், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஜூமில் வைத்துச் சமன் செய்து, அதைத் தொடாமல் விடுங்கள். அப்புறமும் ரீங்காரம் இருந்தால் மோட்டார் விசை கூடுதலாக இருக்கிறது, அமைப்பில் ஒரு படி குறையுங்கள்.

தம்பிக்கு இந்த வியாதியும் இருந்தது, காரணமும் அந்தச் சமநிலைதான். மைக்கை மேலே மாட்டியது சமன் செய்த பிறகு.